மூணு வட்டியும் எழுபத்திரண்டும்

கேள்வி: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் சரி? லாக் போட்டுப் பார்த்தால் வரும் உண்மையான விடைக்குப் பக்கத்தில் வருமா?

வரும். ஆனால் எந்த வட்டிக்கு, எப்படிச் சேரும் வட்டிக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் வங்கி டெபாசிட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கவலையே வேண்டாம். தபால் ஆபீஸ் கிசான் விகாஸ் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 7.5 சதவீதமாக்கி, 115 மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்றார்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வருடம், அதாவது 115 மாதமும் ஒரு வாரமும். லாக் போட்டால் 115 மாதம். இதற்குமேல் என்ன நெருக்கம் வேண்டும்?

நான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் டெபாசிட் அல்ல, கடன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் தாய்மாமா மீன்பிடி வல்லத்துக்கு இன்ஜின் மாற்ற ஒரு மீன் வியாபாரியிடம் 50,000 ரூபாய் வாங்கியிருந்தார், மூணு வட்டிக்கு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். மீன்பாடு சரியில்லாததால் வட்டி கட்டவே முடியவில்லை. இரண்டு வருடம் ஆனதும் வியாபாரி கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

அவர் மாமா எழுதிக் கொடுத்த கடன் நோட்டை எடுத்து வைத்துவிட்டு, “72-ஐ மூணால வகுத்தா 24. இருபத்தி நாலு மாசத்துல பணம் டபுள். ஒரு லட்சம் ஆச்சு. மேல உள்ள சில்லறைய நான் கேக்கல” என்றார். அவர் மகன் எங்கோ படித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பான் போல. மாமா தலையை ஆட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கணக்கு தப்பில்லை. மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்து, அதற்கும் வட்டி போட்டால், ln(2)/ln(1.03) என்று வகுக்க வேண்டும். 23.45 மாதம் வருகிறது. முழு 24 மாதத்துக்கு 50,000 ரூபாய் 1,01,640 ஆகியிருக்கும். மேலே உள்ள சில்லறை என்று அவர் விட்டுக்கொடுத்தது உண்மையிலேயே விட்டுக்கொடுத்ததுதான். கூட்டு வட்டியாக இருந்தால்!

நான் நோட்டை வாங்கி வாசித்தேன். “நூற்றுக்கு மாதம் ஒன்றுக்கு ரூபாய் மூன்று வட்டி” என்று இருந்தது, அவ்வளவுதான். கட்டாத வட்டி அசலில் சேரும் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் அது தனி வட்டி. மாதம் 1,500, இருபத்து நான்கு மாதத்துக்கு 36,000, ஆக 86,000 ரூபாய். தனி வட்டியில் இரட்டிப்பாவதற்கு 72 கிடையாது, 100 தான். 100-ஐ 3-ஆல் வகுத்தால் 33 மாதத்துக்கு மேல் ஆகும். “அண்ணாச்சி, 72 கணக்கு வட்டிக்கு வட்டி போடறப்போ மட்டும்தான் நிக்கும். உங்க நோட்டுல அது இல்லையே” என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்து, “மருமக நல்லாப் படிச்சிருக்கு” என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 86,000 என்று முடிந்தது.

உடனே சிலர் வருவீர்கள், மாதம் 3 ரூபாயே அநியாயம், 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டதே, போலீசுக்குப் போக வேண்டியதுதானே என்று. சட்டம் எனக்கும் தெரியும். அடுத்த தடவை வலை கிழிந்தால் அதே வாசலில்தான் மாமா போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். இந்த 3 ரூபாய் கூட முழு விலை கிடையாது. பணம் வாங்கிய வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும், அவர் வைத்ததுதான் விலை. அதுபோக எடை போடும்போது கழிவு என்று ஒன்று. தண்ணீர் வடிந்த நண்டுக்கு என்ன கழிவு? நாலு பேர் கரையில் நின்று பார்க்கும்போதே தராசு ஆடி நிற்பதற்குள் கூடையைத் தூக்கிவிடுவார்கள். சரி, அதை விடுங்கள், கேள்விக்கு வருகிறேன்.

72 ஏன் சில இடத்தில் பொருந்துகிறது, சில இடத்தில் நழுவுகிறது? வட்டி நொடிக்கு நொடி அசலில் சேர்ந்துகொண்டே இருந்தால் தேவையான எண் 69.3 தான். 2-இன் இயல் லாக், அதாவது ln(2), 0.693. அந்த எண் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் நிஜத்தில் வட்டி மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவைதான் சேரும். அதுவரை அந்த வட்டி சும்மா காத்திருக்கிறது. ஒரு தடவைக்குச் சேரும் சதவீதம் பெரிதாகப் பெரிதாக, காத்திருப்பதால் வரும் நஷ்டமும் பெரிதாகும், அதனால் எண்ணும் 69.3-லிருந்து மேலே ஏறும். ஏறக்குறைய ஒவ்வொரு சதவீதத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு. 8 சதவீதத்தில் அது சரியாக 72-இல் வந்து நிற்கிறது. 9.006 வருடம் என்ற விடைக்கு 9 என்று சொல்கிறது. 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடுவதால் மனக்கணக்குக்கும் வசதி. 1494-இலேயே இத்தாலியில் லூக்கா பச்சோலி தன் கணிதப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டார், விளக்கம் சொல்லாமல்.

மாமா கடனையே இன்னொரு மாதிரி பாருங்கள். மாதம் 3 என்றால் வருடம் 36. வருடத்துக்கு ஒரு தடவைதான் வட்டி அசலில் சேரும் என்று வைத்துக்கொள்வோம். 72-ஐ 36-ஆல் வகுத்தால் 2 வருடம், அதே 24 மாதம். ஆனால் லாக் போட்டால் 2.25 வருடம், 27 மாதம். விதி இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் சொல்கிறது, நிஜத்திலோ மூன்றரை மாதத்துக்கு மேல் வித்தியாசம். முதலில் அரை மாதம் கூட்டிச் சொன்னது, இரண்டாவதில் மூன்று மாதம் குறைத்துச் சொல்கிறது. சரிக்கட்ட வேண்டுமானால் 8-க்கு மேல் போகும் ஒவ்வொரு 3 சதவீதத்துக்கும் 72-உடன் ஒன்று கூட்டுங்கள், கீழே வந்தால் கழியுங்கள். 36-க்கு 81.3 வரும். 36-ஆல் வகுத்தால் 2.26, கிட்டத்தட்ட சரி.

போனில் கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று எழுதப்போகிறவர்களுக்கு: மாமா உட்கார்ந்திருந்த இடத்தில் போனை எடுத்துத் தட்டினால் அதுவே அவமரியாதை ஆகியிருக்கும்.

அந்த வியாபாரி இப்போது எழுதும் நோட்டுகளில் “செலுத்தாத வட்டி மாதந்தோறும் அசலுடன் சேரும்” என்று ஒரு வரி கூடியிருக்கிறது. அந்த வரியில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இருபத்து நான்கு மாதம்கூடக் கிடையாது, இருபத்து மூன்றரைதான்.