ஏழு நாள் ஆஃபை நாளாக எண்ணாதீங்க, மணியாக எண்ணுங்க

"அண்ணே, மண்டபத்திலிருந்து எழுதுறேன். சிங்கப்பூர்ல கெமிக்கல் பிளாண்ட் வேலை வந்திருக்கு. நாலு குரூப், 12 மணி நேர ஷிப்ட், மாசம் ஒரு தடவை சேர்ந்தாப்புல ஏழு நாள் ஆஃப்னு ஏஜெண்ட் சொல்றார். அந்த ஏழு நாள்ல ஊருக்கு வந்துட்டுப் போக முடியுமா? ராத்திரி வேலை பெரிசாத் தெரியாது, விசைப்படகுல போய்ப் பழகின உடம்புதான்."

தம்பி, வந்துட்டுப் போகலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஏஜெண்ட்கிட்ட ரோஸ்டர் பேப்பரைக் கேட்டு வாங்குங்க. 'நாலு குரூப், 12 மணி நேரம்'னு சொன்னா ஒரே முறைதான்னு அர்த்தமில்லை. ரெண்டு நாள் வேலை, ரெண்டு நாள் ஆஃப், மூணு நாள் வேலைன்னு போற முறையும் நாலு குரூப்தான். அதுல சேர்ந்தாப்புல மூணு நாளுக்கு மேல ஆஃப் கிடைக்காது. ஏழு நாள் கிடைக்கிறது டூபாண்ட் முறையில. அது 28 நாள் சுற்று: நாலு நைட், மூணு ஆஃப், மூணு டே, ஒரு ஆஃப், மூணு நைட், மூணு ஆஃப், நாலு டே, அப்புறம் ஏழு ஆஃப். நாலு குரூப்பும் இதே சுற்றை ஒவ்வொரு வாரம் தள்ளித் தள்ளி ஆரம்பிக்கும். அதனால எந்த நாளை எடுத்தாலும் ஒரு குரூப் டே, ஒரு குரூப் நைட், ரெண்டு குரூப் வெளியே.

சுற்று திங்கள்ல ஆரம்பிக்குது, ஷிப்ட் ஏழுக்கு ஏழுன்னு வச்சுக்குவோம். முதல் வாரம் 48 மணி, ரெண்டாவது வாரம் 72, மூணாவது 48, நாலாவது பூஜ்யம். மொத்தம் 168, சராசரி வாரத்துக்கு 42. ஏஜெண்ட் இந்த 42-ஐத்தான் சொல்வார். உடம்பு பார்க்கிறது அந்த 72-ஐ. ரெண்டாவது வாரத்துல மூணு டே முடிஞ்சு, ஒரே ஒரு நாள் இடைவெளி, உடனே மூணு நைட். புதன் சாயங்காலம் ஏழு மணிக்கு வெளியே வந்தா வெள்ளி சாயங்காலம் ஏழுக்கு உள்ளே போகணும். 48 மணி நேரத்துல தூக்கத்தைத் தலைகீழாத் திருப்பியாகணும். இந்த முறையில ஆள் விழறது பெரும்பாலும் இங்கேதான்.

விசைப்படகுப் பழக்கத்தை இதோட சேர்க்காதீங்க. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போகும். ஒரு ராத்திரி கண் முழிச்சா மறு ராத்திரி வீட்டுல தூங்கலாம். இங்கே சேர்ந்தாப்புல நாலு ராத்திரி. பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைவிடக் குறைவாத்தான் வரும், தூக்கக் கடன் ஒவ்வொரு நாளும் ஏறும். நாலு நாள்ல உடம்பு ராத்திரிக்கு முழுசா மாறாது, மாறத் தொடங்கும்போது நைட் முடிஞ்சிடும். மூணாவது, நாலாவது நைட்ல விடியக்காலை மூணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரே மீட்டரை ரெண்டு தடவை படிச்சும் எண் மனசுல நிக்கலைன்னா, அதுதான் அறிகுறி. அப்போ உட்காராதீங்க. எழுந்து ரவுண்டு போங்க, வால்வு திறக்கிற மாதிரி வேலைன்னா இன்னொரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் செய்யுங்க.

முதல் நைட்டுக்கு முன்னாடி மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்க. காபியை நடு ராத்திரியோட நிறுத்துங்க, மூணு மணிக்குக் குடிச்சா காலையில தூக்கம் வராது. தங்குற ரூமுல முடிஞ்சா உங்க குரூப் ஆட்களோடயே இடம் கேளுங்க. இது சம்பளத்துக்கு அடுத்தபடி முக்கியம். வேற ஷிப்ட்டுக்காரங்க நாலு பேர் காலையில லைட்டைப் போட்டுக் குளிச்சுக் கிளம்பினா எந்தத் திரையும் உதவாது. பஸ் நேரத்தையும் கேளுங்க. போக ஒண்ணு, வர ஒண்ணுன்னா 12 மணி 14 ஆகிடும், மிச்சம் பத்துலதான் குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

சம்பளத்துல கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. கைவேலை பார்க்கிற தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் மாசம் 4,500 டாலர் வரைன்னா, சிங்கப்பூர் சட்டப்படி ஷிப்ட்டுல 12 மணி வரை வேலை வாங்கலாம். ஆனா தொடர்ச்சியா மூணு வாரத்துச் சராசரி வாரம் 44 மணிக்கு மேல போகக்கூடாது, போனா ஓ.டி., ஒன்றரை மடங்கு. சாப்பாட்டு இடைவெளி இதுல சேராது. ஒரு மணி கழிச்சு ஷிப்ட்டுக்கு 11-ன்னு வச்சா, டூபாண்ட்ல முதல் மூணு வாரம் 14 ஷிப்ட், 154 மணி. 44 வீதம் மூணு வாரத்துக்கு 132தான். மிச்சம் 22 மணியை ஓ.டி.யாக் கணக்குப் பண்ணுறீங்களா, இல்லை நாலாவது வாரத்தைச் சேர்த்து சராசரி காட்டுறீங்களான்னு எழுத்துல கேளுங்க. இந்தக் கேள்வி கேட்டாலே சில ஏஜெண்ட் பேச்சை மாத்துவாங்க, அதுவும் ஒரு பதில்தான்.

இப்போ ஊர் விஷயம். கடைசி டே ஞாயிறு சாயங்காலம் ஏழுக்கு முடியும், அடுத்த நைட் அதுக்கு மறு வாரம் திங்கள் சாயங்காலம் ஏழு. மொத்தம் 192 மணி, எட்டு நாள். டேயில முடிஞ்சு நைட்ல தொடங்குறதால இந்தக் கூடுதல் நாள். திங்கள் விமானத்துல திருச்சி, அங்கேயிருந்து ராத்திரி ராமேஸ்வரம் ரயில் பிடிச்சா செவ்வாய் விடியல்ல மண்டபம். திரும்ப சனி ராத்திரி கிளம்பிடுங்க, ஞாயிறு ராத்திரி சிங்கப்பூர்ல தூங்கியாகணும். ஆக வீட்டுல அஞ்சு பகல். இந்திய நேரம் ரெண்டரை மணி பின்னாடி இருக்கிறதால ஊர்ல தூங்குற நேரத்தை மாத்த வேண்டாம். லேட்டாத் தூங்கின உடம்பு முதல் நைட்டுக்குக் கொஞ்சம் தோதாவே இருக்கும்.

மாசா மாசம் வர்றது டிக்கெட் காசுக்குக் கட்டாது. அதைவிட நல்ல வழி ஆண்டு விடுப்பை ஒட்ட வைக்கிறது. ஆஃபுக்கு முன்னாடி வர்ற நாலு டேயை லீவு போட்டா, மூணாவது வாரம் திங்கள் காலை ஏழுக்கு வெளியே வந்து பதினாலரை நாள் கழிச்சு உள்ளே போனாப் போதும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை தடைக்காலத்துல இதை வச்சா வீட்டு ஆம்பளைங்களும் கரையில இருப்பாங்க. 12 மணி ஷிப்ட் ஒண்ணை ஒரு நாள் லீவாக் கழிக்கிறாங்களா, ஒன்றரை நாளாவான்னு முதல்லயே கேட்டுக்குங்க. பிளாண்ட் ஷட்டவுன் தேதியையும் பாருங்க, அந்தச் சமயம் நீள ஆஃப் எல்லாம் ரத்தாகும்.

திரும்பி வர்ற அந்த முதல் நைட்தான் சுற்றிலேயே மோசமான இடம். உங்க குரூப் மொத்தமும் எட்டு நாள் வெளியே இருந்திருக்கும், கேட்டா சொல்ல குரூப்ல ஆளில்லை. இன்ஜினியரும் மெயிண்டனன்ஸும் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பாங்க. 1988-ல வடகடல்ல பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடிச்சு 167 பேர் இறந்ததுக்கு ஒரு காரணம், ஒரு பம்ப்போட வால்வைக் கழட்டி வச்சிருந்த சேதி நைட் ஷிப்ட்டுக்குப் போய்ச் சேராதது. அதனால அன்னிக்கு அரை மணி முன்னாடி போங்க. லாக் புக்கை நேத்துப் பக்கத்துல இல்லாம, நீங்க கடைசியாக் கையெழுத்துப் போட்ட பக்கத்திலேர்ந்து படிங்க. மூணு விஷயத்தை இறங்குற ஆள்கிட்ட வாயால கேளுங்க: எது கழட்டி வச்சிருக்கு, எந்த அலாரத்தை அணைச்சு வச்சிருக்கு, எந்த வேலையோட பெர்மிட் இன்னும் மூடலை. அவர் பஸ்ஸுக்கு அவசரப்படுவார். பரவாயில்லை, நிறுத்திக் கேளுங்க.