அம்மாவின் ஒப்பரேஷனுக்குச் சம்பள முற்பணம்: தவணையை எப்படி எழுதுவது?

“கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் 60,000 ரூபா. அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருக்கிறார். ஓகஸ்டில் ஒப்பரேஷன். பொருத்த வேண்டிய பொருளை வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். 120,000 முற்பணம் கேட்டு, ஆறு மாதத்தில் கட்டித் தருகிறேன் என்று எழுதலாமா, ஐயா?”

எழுத வேண்டாம், தம்பி. 120,000ஐ ஆறாகப் பிரித்தால் மாதம் 20,000 வெட்டுவார்கள். சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,800 போக உங்கள் கைக்கு வருவது 55,200. மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு 11,500, வீட்டுச் செலவுக்கு 32,000 என்று வைத்தால் மிஞ்சுவது 11,700 தான். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருந்தால் அந்தத் தொகைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எப்படியும் 20,000ஐத் தாங்காது. மூன்றாம் மாதமே “இந்த முறை வெட்டாதீர்கள்” என்று போய் நிற்க வேண்டி வரும். அப்படி ஒரு தடவை நடந்தால் அடுத்த அவசரத்துக்குக் கேட்க வாய் வராது.

முதலில் தொகையைக் குறையுங்கள். அரச வைத்தியசாலையில் வார்டுக்கும் ஒப்பரேஷனுக்கும் கட்டணம் இல்லை. கடையில் விலைக்கோரல் எழுதி வாங்குங்கள். அது 82,000, வெளிப் பரிசோதனைகளுக்கு 8,000 என்று வந்தால் 90,000 மட்டும் கேளுங்கள். துண்டுச் சீட்டு காட்டக்கூடிய செலவுக்கு முதலாளி சீக்கிரம் சரி சொல்வார். “கைச்செலவு” என்று ஒரு வரி இருந்தால் முழுத் தொகையிலும் சந்தேகம் விழும். கூட நிற்பவரின் சாப்பாடும் பஸ் காசும் உங்கள் மாதச் சம்பளத்திலிருந்து போகட்டும்.

அதற்குச் சம்பளம் முழுதாகக் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்பது முக்கியம். பலர் முற்பணம் வாங்கிய மாதமே வெட்ட ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மாதம்தான் லீவு முடிந்து நோபே விழும். 60,000ஐ 30 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,000. ஆறு நாள் அம்மாவோடு நின்றால் 12,000 குறைந்துவிடும். ஒப்பரேஷன் ஓகஸ்டில் என்றால் ஒக்டோபர் சம்பளத்திலிருந்து வெட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது வயல். வன்னியில் பாதி வீடுகளுக்குக் காலபோக வெள்ளாமை உண்டு, மாசி பங்குனியில் நெல் வித்த காசு வரும். அந்த நம்பிக்கையில் “மார்ச்சில் 50,000 தருகிறேன்” என்று எழுதிவிடாதீர்கள். மழை கூடினாலோ நெல் விலை விழுந்தாலோ அந்தத் தவணை தவறும். தவணை முழுவதும் சம்பளத்தில் நிற்கட்டும். வெள்ளாமைக் காசு காலத்தைக் குறைக்க மட்டும் வரட்டும். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

“எனது தாயாரின் சத்திரசிகிச்சைக்காக 90,000 ரூபா சம்பள முற்பணம் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். வைத்தியரின் சிட்டையும் விலைக்கோரலும் இணைத்துள்ளேன். ஒக்டோபர் முதல் ஜூன் வரை ஒன்பது மாதங்களுக்கு, மாதம் 10,000 ரூபா வீதம் எனது சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இடையில் கூடுதலாகச் செலுத்த முடிந்தால் கடைசித் தவணைகளிலிருந்து கழித்துக்கொள்ளவும். வேலையிலிருந்து விலகினால் மீதியை இறுதிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்.”

மார்ச்சில் வழமையான தவணையோடு 30,000 கூடுதலாகக் கட்ட முடிந்தால் அந்த மாதமே கடன் தீரும். முடியாவிட்டாலும் சொன்ன சொல் தவறாது. வட்டி இல்லை என்று வாயால் சொன்னால், அதையும் ஒரு வரியில் எழுதி இரு பக்கமும் கையெழுத்து வைத்து ஒரு பிரதி நீங்கள் வைத்திருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் வைக்க வேண்டாம். சேமலாப நிதியைப் பிணையாக எழுதவும் சம்மதிக்காதீர்கள். அது உங்கள் முதுமைக்குரிய பணம், முதலாளியின் கடனுக்கு ஈடாகாது. மருத்துவத்துக்கென்று அந்த நிதியில் 30 வீதம் முன்கூட்டியே எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் 300,000க்குக் குறையாத தொகையும் இருந்தால் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். குடும்ப வருமானம் குறைவென்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒக்டோபர் சம்பளச் சிட்டை வந்ததும் சேமலாப நிதி வரியைப் பாருங்கள். 4,800 என்றே இருக்க வேண்டும். 4,000 என்றிருந்தால், தவணையைக் கழித்துவிட்டு 50,000க்கு நிதி கணக்கிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முற்பணத் தவணை நீங்கள் திருப்பிக் கட்டும் கடன், அதனால் உழைத்த சம்பளம் குறைவதில்லை. அப்படிக் கணக்கிட்டால் உங்கள் பங்கில் 800, முதலாளி போடவேண்டிய 12 வீதத்தில் 1,200, மொத்தம் மாதம் 2,000 உங்கள் கணக்கில் சேராமல் போகும். ஒன்பது மாதத்தில் 18,000. அடுத்த மாதத்துக்குப் போடாமல், அன்றே கணக்காளரிடம் சிட்டையைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.