உருகியது யார் கையில் இருந்தபோது?

கேள்வி: மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சனிக்கிழமை மாலை ஃப்ரோசன் பரோட்டா, ஃப்ரோசன் பட்டாணி இரண்டு பாக்கெட், சிக்கன் நக்கெட்ஸ் வாங்கினேன். நக்கெட்ஸ் இருந்த ஃப்ரீசரில் லைட் எரியவில்லை. கேட்டதற்கு, “இப்பத்தான் ஆஃப் ஆச்சு, ஒண்ணும் ஆகாது” என்றார்கள். ஜவுளிக்கடைக்கும் போய்விட்டு ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். எல்லாம் இளகியிருந்தது. ஃப்ரீசரில் வைத்து, செவ்வாய் இரவு செய்து சாப்பிட்டோம். மூன்று மணி நேரத்தில் கணவருக்கும் மகளுக்கும் வாந்தி. இரண்டு நாள் ஆஸ்பத்திரி, 14,200 ரூபாய். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினார். பரோட்டாவில் பாமாயிலும் கெமிக்கலும் வேறு போட்டிருக்கிறார்கள். ஒரு பட்டாணி பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது. பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? பில், டிஸ்சார்ஜ் சம்மரி இணைத்துள்ளேன்.

பதில்: மேனேஜர் பேசியதை விட்டுவிடுங்கள். அது மனுவில் ஒரு வரிக்கு மேல் போகாது. பத்து லட்சத்தையும் விடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் கட்டணத்தை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது. விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. கேட்பதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை என்பதால் எல்லோரும் லட்சங்களில் கேட்கிறார்கள். ஆணையம் கொடுப்பது நிரூபித்த அளவுக்குத்தான்.

பரோட்டாவையும் வழக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மைதா, பாமாயில், 471, 282 எல்லாம் கவரில் அச்சாகியிருக்கின்றன. 471 கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பது, 282 பூஞ்சையைத் தடுக்கும் கால்சியம் புரொப்பியோனேட். அனுமதிக்கப்பட்டதைப் போட்டு, போட்டதை எழுதியும் இருக்கிறார்கள். இதில் குற்றம் ஏதுமில்லை. 282-ஐ வாங்கும்போது கவனிப்பதற்கு வேறு காரணம் உண்டு. மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சை வளராது, அங்கே அதற்கு வேலை இல்லை. பட்டியலில் அது இருந்தால் உடனே சேமிப்பு வரியைப் படியுங்கள். 0 முதல் 4 டிகிரி என்று போட்டிருந்தால் அது வெறும் குளிரூட்டிய பரோட்டா, அதன் ஆயுள் நாள்கணக்கில்தான். கடைக்காரர் அதை ஃப்ரோசன் பெட்டிக்குள் போட்டுவிட்டதால் அது மாதக்கணக்கில் தாங்கும் பொருளாகிவிடாது. உங்கள் கவரில் மைனஸ் 18 என்றே இருக்கிறது. அதைக் கல்லில் போட்டுச் சுட்டும் இருக்கிறீர்கள். மூன்று பொருளில் சந்தேகம் கடைசியாக விழ வேண்டியது அதன் மேல்தான்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: பொருள் உருகியது கடையின் பொறுப்பில் இருந்தபோதா, உங்கள் பொறுப்பில் இருந்தபோதா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு, பொருளைப் பரிசோதிப்பதிலும் பராமரிப்பதிலும் நியாயமான கவனம் காட்டாத விற்பனையாளரைப் பொறுப்பாக்குகிறது. அணைந்த ஃப்ரீசர் அதற்குள் வரும். ஆனால் அடுத்த பிரிவான 87, பாதிப்பு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பனையாளர் மேல் பொருள் பொறுப்பு வழக்கே கிடையாது என்கிறது. “இளகினால் மீண்டும் உறைய வைக்காதீர்கள்” என்று நக்கெட்ஸ் பெட்டியில் எழுதியிருக்கும். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்திலேயே இளகியதை ஃப்ரீசரில் வைத்ததாகச் சொல்லிவிட்டீர்கள். இதே வாசகம் வழக்கறிஞர் நோட்டீஸில் போயிருந்தால், எதிர்த்தரப்பு பதில் மனுவில் வேறெதுவும் எழுத வேண்டியிருக்காது.

பில்லில் நேரம் மாலை 5.42. வீடு சேர்ந்தது ஏழரை. ஒரு மணி 48 நிமிடம், மதுரை வெயிலில், சாதாரணத் துணிப்பையில். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி ஜவுளிக்கடை பில்லைக் கொண்டு வாருங்கள் என்பதாக இருக்கும். இரண்டாவது, சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் உங்கள் தெருவில் மின்தடை இருந்ததா என்பது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பத்திரிகையில் வருகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை உங்கள் பகுதி அதில் இருந்திருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தாக்கல் செய்ய அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். எனவே அவர்கள் பார்க்கும் முன் நீங்கள் பாருங்கள்.

பிரிக்காத பட்டாணி பாக்கெட்டைத்தான் பெரிய ஆயுதமாக நினைக்கிறீர்கள். அங்கேதான் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். தனித்தனியாக உறைய வைத்த பட்டாணி, பாக்கெட்டைக் குலுக்கினால் கூழாங்கல் போலச் சலசலக்க வேண்டும். கட்டியாக ஒட்டி, உள்ளே வெண்பனி படர்ந்திருந்தால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். எங்கே உருகியது என்பதைத்தான் அந்தக் கட்டி சொல்லாது. கடை ஃப்ரீசரில் உருகி உறைந்தாலும், உங்கள் பையில் உருகி உங்கள் வீட்டில் உறைந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கடையிலேயே எடுத்த படம் ஒன்று, நேரத்தோடு, அணைந்த ஃப்ரீசரும் ஒட்டிப்போன பாக்கெட்டும் தெரிகிற மாதிரி இருந்திருந்தால் கதை வேறு. உங்களிடம் அது இல்லை.

அந்தப் பாக்கெட்டை தனியார் லேபுக்கு அனுப்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் பிரித்து, நீங்கள் அனுப்பி, நீங்கள் வாங்கிய அறிக்கை உங்கள் தரப்புக் காகிதம், அவ்வளவே. பரிசோதனை தேவைப்படும் குறை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி ஆணையமே மாதிரியை வாங்கி முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வகத்துக்கு 45 நாள் கெடு, செலவு உங்கள் கணக்கில். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் வாங்கியவரே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம் என்று ஒரு வழி உண்டு. வாங்கும்போதே பரிசோதனைக்காகத்தான் வாங்குகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சாப்பிட வாங்கியவர் யார் அப்படிச் சொல்லுவார்? தவிர, பரிசோதனை நடந்தாலும் அது பட்டாணியைப் பற்றித்தான் பேசும். நோய் வந்தது நக்கெட்ஸால் என்பது உங்கள் வாதம். நக்கெட்ஸ் பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தால் பேட்ச் எண்ணும் போயிற்று.

உங்களுக்குச் சாதகமான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி என்பது, பாக்டீரியா உணவிலேயே உருவாக்கி வைத்த நஞ்சுக்குப் பொருந்துகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் அப்படிப்பட்டது. அதன் நஞ்சு எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. உறைய வைப்பதும் கிருமியைக் கொல்லாது, நிறுத்தித்தான் வைக்கும். ஆனால் நஞ்சு சேர உணவு பல மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்திருக்க வேண்டும். உறைந்த பெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் பையில் இளகினாலும், அதில் பெரும்பகுதி நேரம் குளிர்ச்சியில்தான் கழிந்திருக்கும். ஆகவே இரவு முழுக்க அணைந்து கிடந்திருக்கக்கூடிய கடை ஃப்ரீசர் மேல் சந்தேகம் கூடுதலாக விழும் என்று ஒரு நிபுணர் சொல்ல முடியும். “இப்பத்தான் ஆஃப் ஆச்சு” என்ற பேச்சு உண்மையா என்பதை ஃப்ரீசரின் வெப்பநிலைப் பதிவேடுதான் காட்டும். திங்கட்கிழமை நீண்ட மின்தடை இருந்திருந்தால் இந்த வாதமும் போயிற்று. அதோடு, நக்கெட்ஸை மத்தியானமே பொரித்து இரவு வரை மேசையில் வைத்திருந்தீர்களா என்றும் கேட்பார்கள். பொய்ப் பதில் தயார் செய்யாதீர்கள். வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டு இருவருக்குத்தான் வந்தது என்றால் அதையும் இப்போதே எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு இடம், டிஸ்சார்ஜ் சம்மரி. முதல் பக்கத்தில், நோயாளி சொன்ன விவரம் என்ற இடத்தில், “முந்தின நாள் வெளியில் பானிபூரி சாப்பிட்டதாகத் தெரிவிக்கிறார்” என்று இருக்கிறது. உங்கள் மகள் ட்யூட்டி டாக்டரிடம் சொன்னது. மலப் பரிசோதனையில் கல்ச்சர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன கிருமி என்று தெரிந்திருக்கலாம். இப்போது இருப்பது வயிற்றுப்போக்கு, உணவு நஞ்சாக இருக்கலாம் என்ற கேள்விக்குறி போட்ட குறிப்பு மட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பானிபூரி வரியை மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருப்பார்.

ஆகவே, சமரசம் செய்துகொள்ளுங்கள். 14,200 ரூபாய்க்காக நிபுணர் சாட்சி, ஆய்வகச் செலவு, பல வாய்தாக்கள் என்று போவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. கடைக்காரருக்கும் அப்படித்தான். பதிவேடு கேட்கப்படும் என்று தெரிந்தால் அவர் பேச வருவார். ஆஸ்பத்திரி செலவு, பொருள் விலை, அதற்கு மேல் ஒரு சிறு தொகை. இதைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள்.

பேச உட்காரும் முன், இந்த வாரத்துக்குள் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். பில் எண், தேதி, நேரம், எந்த ஃப்ரீசர், ஊழியர் சொன்ன வாசகம் இவை மட்டும். அந்த நாளின் வெப்பநிலைப் பதிவும் சிசிடிவி காட்சியும் அழிக்கப்படாமல் வைக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். சிசிடிவி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மேலெழுதப்பட்டுவிடும், அதனால்தான் அவசரம். வீட்டில் உறைய வைத்தது, மேனேஜர், பாமாயில் எதுவும் அதில் வேண்டாம். நாளை நேரே கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கேட்காததைக் கடிதத்தில் நீங்களாக எழுத வேண்டியதில்லை. பட்டாணி பாக்கெட்டைத் தொடாதீர்கள். முன்னும் பின்னும் படமெடுத்து, இன்னொரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி ஃப்ரீசரின் அடியில் வையுங்கள்.

“பணம் தராவிட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போவேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடாதீர்கள். புகார் கொடுப்பது உங்கள் உரிமை, அதைப் பேரப் பொருளாக்கினால் மிரட்டிப் பணம் பறித்ததாகத் திருப்புவார்கள். கொடுக்க நினைத்தால் இப்போதே, தனியாகக் கொடுங்கள். அணைந்த ஃப்ரீசரை அதிகாரி நேரில் பார்ப்பதுதான் உங்களிடம் இல்லாத சாட்சியம். அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவில் “விஷம் விற்கும் கடை” என்று போட்ட பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அவதூறு வழக்குப் போட அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், பிறகு நீங்கள் அவர்கள் கை காலைப் பிடிக்கிற நிலையில்தான் சமரசம் நடக்கும்.

பணம் தரும்போது ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். “பொருளின் விலை திருப்பித் தரப்பட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அச்சடித்த தாளாக இருக்கும். 640 ரூபாய் ரீஃபண்டுக்கு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி பில்லோடு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. முழுத் தொகையும் கணக்கில் ஏறிய பிறகு, தொகையைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். இழுத்தடித்தால் பயப்பட வேண்டாம், வழக்குத் தொடர, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு உண்டு. ஆனால் அதுவரை காத்திருக்கப் போவது நீங்கள் மட்டும்தான், பதிவேடு காத்திருக்காது.