முன்பின் தெரியாதவருக்கு மின்னஞ்சல்: தலைப்பு வரியில் என்ன எழுதுவது? (கேள்வி பதில்)

சுங்கை சிப்புட் வட்டாரச் சிறுதொழில் செய்வோர் கேட்டவை. பதில் சொல்பவர் மாலதி.

குணா: அக்கா, தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு விளையாட்டுப் போட்டிச் சட்டை அடித்துத் தருவதாக மெயில் போடுகிறேன். தலைப்பு ‘தரமான சட்டைகள், மலிவு விலையில்!!!’ ஒருத்தரும் பதில் போடவில்லை.

மாலதி: தம்பி, அதே வரியை ஈப்போவில் இருக்கும் ஹோட்டலுக்கும் அனுப்பலாம். சட்டையை எடுத்துவிட்டு நாற்காலி என்று போட்டால் நாற்காலிக் கடைக்காரரும் அனுப்பலாம். தனக்கென்று எழுதியதல்ல என்பது படிப்பவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும்.

தலைமையாசிரியர் தன் வேலை சம்பந்தப்பட்டதைத்தான் திறப்பார். போட்டி நெருங்கும்போது இல்லவாரியாகச் சட்டை வாங்குவது அவருக்கு ஒரு வேலை. சின்னப் பள்ளியில் ஓர் இல்லத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான் இருப்பார்கள். அச்சுச் சட்டம் தயாரிக்கிற செலவு பன்னிரண்டு சட்டைக்கும் ஒன்றுதான், நூறு சட்டைக்கும் ஒன்றுதான் என்பதால் பெரிய கடைகள் குறைந்த எண்ணிக்கைக்குத் தயங்கும். நீங்கள் செய்து தருவீர்கள் என்றால் அதையே தலைப்பாக்குங்கள்: ‘4 இல்லச் சட்டை, நிறத்துக்கு 12 போதும்’.

கைப்பேசியில் தலைப்பின் முதல் முப்பது, நாற்பது எழுத்துதான் தெரியும். நம் சொற்கள் நீளமானவை, நாலைந்து சொல்லிலேயே இடம் தீர்ந்துவிடும். அதனால் ‘இல்லச் சட்டை’ முன்னால் வர வேண்டும். ‘எங்கள் நிறுவனத்தின் சார்பில்’ என்று தொடங்கினால் விஷயம் வருவதற்குள் வரி வெட்டுப்பட்டுவிடும்.

தலைப்புக்குப் பக்கத்திலோ கீழேயோ கடிதத்தின் முதல் வரியும் சாம்பல் நிறத்தில் தெரியும். அங்கே கடை வரலாறு வேண்டாம். ‘வணக்கம் ஐயா, உங்கள் பள்ளிப் போட்டிக்கு நான்கு நிறத்திலும் குறைந்த எண்ணிக்கையில் அடித்துத் தர முடியும்’ என்று தொடங்குங்கள். போட்டித் தேதியைப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். போட்டி முடிந்த மறுவாரம் போனால் எந்தத் தலைப்பும் உதவாது.

கவிதா: தலைப்புக்கு முன்னால் ‘Re:’ போட்டால் கண்டிப்பாகத் திறப்பார்களாமே?

மாலதி: திறப்பார்கள், அப்புறம் உங்கள் பெயரையே தடுத்துவிடுவார்கள். பேசாத பேச்சைப் பேசியதாகக் காட்டுவது பொய். அமெரிக்காவில் ஏமாற்றுத் தலைப்பைத் தடுக்க 2003இலேயே CAN-SPAM சட்டம் வந்துவிட்டது. வேண்டாம்.

சரவணன்: ‘இலவசம்’ என்ற சொல் இருந்தாலே ஸ்பேமுக்குப் போய்விடும். நான் ‘இ.ல.வ.ச.ம்’ என்று புள்ளி வைத்து அனுப்புகிறேன்.

மாலதி: பாதி சரி. ஒரு சொல்லுக்காக மட்டும் தள்ளுவது அபூர்வம். அனுப்பும் முகவரியின் நம்பகம், முன்பு எத்தனை பேர் ஸ்பேம் என்று அழுத்தினார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. சொந்த டொமைன் என்றால், மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிப்படுத்தும் SPF, DKIM அமைப்புகள் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி வைத்து மறைப்பது ஏமாற்றுக்காரர் பழக்கம். அதை விடுங்கள்.

ராமசாமி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): ஒன்று சொல்லலாமா அம்மா? என் பள்ளிப் பெயரைத் தலைப்பில் போட்டு, உள்ளே ஊருக்கெல்லாம் அனுப்பிய விலைப்பட்டியலை வைத்தவர்கள் உண்டு. அடுத்த முறை அவர்கள் மெயிலைத் திறக்கவே மாட்டேன்.

மாலதி: ஐயா சொல்வதை எல்லோரும் கவனியுங்கள். தலைப்பு கொடுத்த வாக்கை முதல் வரி காப்பாற்ற வேண்டும். அதனால்தான் பள்ளிப் பெயரை விட வேலையின் பெயரைப் போடச் சொல்கிறேன்.

குணா: தலைப்பு தமிழிலா, மலாயிலா?

ராமசாமி: மலாய்தான். அலுவலக மெயிலைக் கிராணியும் பார்ப்பார், எல்லாப் பள்ளியிலும் அவருக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது.

மாலதி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. மலாய்த் தலைப்புகளுக்கு நடுவே ஒரு தமிழ் வரி தனியாகத் தெரியும்.

ராமசாமி: தெரியும். கிராணி அதைத் தனிப்பட்ட கடிதம் என்று ஒதுக்கியும் விடுவார்.

மாலதி: அதற்கு என்னிடம் பதில் இல்லை. குணா, பாதிப் பள்ளிக்குத் தமிழ், பாதிக்கு மலாய் என்று அனுப்பிப் பாருங்கள்.

தினேஷ்: என் மெயிலை எண்பது விழுக்காட்டினர் திறந்ததாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

மாலதி: அந்தக் கணக்கை நம்பாதீர்கள். மெயிலுக்குள் ஒளித்து வைத்த படம் இறங்கினால் ‘திறந்தார்’ என்று பதிவாகும். 2021இலிருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பைப் போட்டவர்களுக்கு, அவர்கள் திறக்காவிட்டாலும் அந்தப் படம் இறங்கிவிடும். வந்த பதில்களை எண்ணுங்கள்.

தேவி: வேலைக்கு விண்ணப்பிக்க என்ன தலைப்பு?

மாலதி: விளம்பரத்தில் கேட்டபடியே, பதவியின் பெயரும் உங்கள் பெயரும்.

முரளி: ஏர்கோண்ட் சர்வீஸ் செய்கிறேன். எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரி ஒரு நல்ல தலைப்பு கொடுங்கள். ‘Re:’ போடலாமா?

மாலதி: ‘Re:’ கூடாது, கவிதாவிடம் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் ஒரே தலைப்பு என்றால் அது குணாவின் பழைய வரியாகத்தான் முடியும். கிளினிக்கா, டியூஷன் சென்டரா, தோட்ட அலுவலகமா? ஒன்றைச் சொல்லுங்கள், அதற்கு எழுதுவோம்.