வசைச்சொல்லை நாடு மாற்றுவது

'வீடியோ கேம் வசனத்தில் வரும் வசைச்சொற்களை வேறு நாட்டுப் பதிப்பில் எப்படி மாற்றுவது? வயதுத் தரச்சான்று கிடைத்துவிட்டால் போதாதா?'

போதாது. 2007 இல் நிண்டெண்டோவின் 'மரியோ பார்ட்டி 8' பிரிட்டனில் வெளியானவுடனேயே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிறுவர்களும் ஆடும் விளையாட்டுதான். ஆனால் ரயிலுக்கு மந்திரம் போடும் வரியொன்றில் 'ஸ்பாஸ்டிக்' என்ற சொல் இருந்தது. அமெரிக்காவில் அது தடுமாற்றத்தைச் சுட்டும் லேசான கேலி. பிரிட்டனிலோ மூளை முடக்குவாதம் உள்ளவர்களை இழிவுசெய்யும் வசை. அச்சொல்லைப் பெயரில் தாங்கியிருந்த தொண்டு நிறுவனமே 1994 இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஒரே ஆங்கிலம்தான்; ஆனால் நாட்டுக்கு நாடு சொல்லின் கனம் வேறு.

ஆகவே அகராதியை நம்பாதீர்கள். ஒவ்வொரு வசைக்கும் யார், யாரிடம், கோபத்திலா கேலியிலா சொல்கிறார், அது எதைத் தாக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தின் அளவை அப்படியே வைத்து, தாக்கும் இடத்தை மட்டும் மாற்றலாம்: ஊனத்தைக் குத்தும் வசையை முட்டாள்தனத்தைக் குத்துவதாக்கலாம்.

தரச்சான்றில் சராசரி பார்ப்பதில்லை. ஐரோப்பாவின் பெகி முறையில் கடுமையான பாலியல் வசை வந்தால், 12 வயதுக்கானது 16க்கு ஏறிவிடக்கூடும். அந்தந்த நாட்டுக்காரர் ஒருவர் குரல் பதிவுக்கு முன்பே வாசித்துவிட வேண்டும். எழுத்தைத் திருத்துவது எளிது; நடிகரை மறுபடி அழைப்பதுதான் செலவு.