லாக் செய்த பிறகு ஒரு விநாடி

கேள்வி: 22 நிமிடக் குறும்படம். பதினான்கு வெர்ஷன் போட்டு, இனி வெட்டு எதுவும் மாறாது, பிக்சர் லாக் என்று சொல்லி, சவுண்டுக்கும் இசைக்கும் கொடுத்தாகிவிட்டது. இப்போது 9ஆவது நிமிடத்தில் அப்பா பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் ஷாட் இழுக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு விநாடி வெட்டலாமா? எங்கேதான் நிறுத்துவது?

பதில்: இன்று வெட்டாதீர்கள். ஒரு விநாடி என்பது 24 ஃப்ரேம். 9ஆவது நிமிடத்தில் அதை எடுத்தால், அதற்குப் பின்னால் வரும் 13 நிமிடப் படமும் அவ்வளவு முன்னால் நகரும். சவுண்ட் எடிட்டரிடம் இருக்கும் டிராக்குகள் நகராது. உதடு அசைந்து ஒரு விநாடி கழித்து வசனம் வரும். இசையமைப்பாளர் கதவு திறக்கும் இடத்துக்கு என்று வைத்த ஸ்வரம், கதவு மூடும்போது கேட்கும். இதையெல்லாம் சரிசெய்துவிடலாம், ஆனால் அவர்கள் இருவருக்கும் அது மறுவேலை.

முதலில் ஷாட் உண்மையிலேயே இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் படத்தைத் திறக்காதீர்கள். பிறகு பெரிய திரையில், கீபோர்டைத் தொடாமல், நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள். உறுத்தும் இடத்தின் நேரத்தை மட்டும் காகிதத்தில் குறியுங்கள். காரணம் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்து, பழைய காகிதத்தைப் பார்க்காமல் மறுபடியும் இதையே செய்யுங்கள். இரண்டு காகிதத்திலும் உள்ள இடம்தான் பிரச்சினை. ஒன்றில் மட்டும் இருப்பது அன்றைய உங்கள் மனநிலை.

9ஆவது நிமிடம் இரண்டிலும் இருந்தால், குற்றவாளி அந்த ஷாட்தானா என்று கேளுங்கள். 7ஆவது நிமிடத்திலேயே அப்பா மகனுக்காக ஏங்குகிறார் என்பது வசனத்தில் வந்துவிட்டதா? அப்படியானால் பஸ் ஸ்டாண்டு அதையே இரண்டாவது முறை சொல்கிறது. 24 ஃப்ரேம் அல்ல, 48 ஃப்ரேம் வெட்டினாலும் இழுக்கத்தான் செய்யும். டைம்லைனின் நகல் ஒன்றில் அந்தக் காட்சியை முழுக்க எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கதை புரிந்து, எதுவும் குறையவில்லை என்றால், அது முதல்கட்ட எடிட்டான ரஃப் கட்டிலேயே போயிருக்க வேண்டிய காட்சி.

பெரும்பாலானோர் தடுக்குவது இங்கேதான். எந்தக் காட்சி வேண்டும், எது முன்னால் வர வேண்டும் என்பது ரஃப் கட்டின் கேள்வி. அந்தக் கட்டத்தில் ஃப்ரேம் கணக்குப் பார்ப்பது, சுவர் எங்கே வரும் என்று முடிவாகாமல் பெயின்ட் அடிக்கிற வேலை. வரிசை முடிவான பிறகே ஃபைன் கட்: ஷாட் எந்த ஃப்ரேமில் நுழைகிறது, பேசுகிறவர் முகத்திலா கேட்கிறவர் முகத்திலா வெட்டுவது, அடுத்த காட்சியின் சத்தம் எவ்வளவு முன்னாலேயே கேட்க வேண்டும். இதைப் பார்க்கும்போது தற்காலிகமாகப் போட்ட பாட்டை ஒருமுறை ம்யூட் செய்துவிடுங்கள். நல்ல பாட்டு மோசமான வெட்டை மறைக்கும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு உங்கள் கடைசி மூன்று வெர்ஷன்களே சாட்சி. 12இல் இருந்து 14 வரை என்னென்ன மாறியது என்று எழுதுங்கள். 13இல் வெட்டிய ஆறு ஃப்ரேமை 14இல் திரும்ப ஒட்டியிருக்கிறீர்கள் என்றால், படம் முடிந்து சில நாளாகிவிட்டது. கூடவே, படத்தில் வேலை செய்யாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, ‘பிடித்ததா’ என்று கேட்காமல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஐவரும் ஒரே கதையைச் சொன்னால் வரிசையைத் தொட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு வெட்டியே ஆக வேண்டும் என்றால், நீளத்தை மாற்றாமல் வெட்டுங்கள். காத்திருக்கும் ஷாட்டில் எடுக்கும் 24 ஃப்ரேமை அதே காட்சியின் அடுத்த ஷாட்டுக்குக் கொடுத்தால் மொத்தம் 22 நிமிடமாகவே இருக்கும். அந்த ஒரு காட்சியின் சத்தத்தையும் கலரையும் மட்டும் திருத்தினால் போதும். நீளம் குறைந்துதான் ஆக வேண்டும் என்றால், எல்லா மாற்றத்தையும் சேர்த்து ஒரே முறையில் அனுப்புங்கள்: எந்த டைம்கோடில் எத்தனை ஃப்ரேம் போனது என்ற பட்டியல், டைம்கோடு திரையிலேயே தெரியும் புது வீடியோ, படம் தொடங்க இரண்டு விநாடி முன்னால் ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ‘பீப்’. அந்தப் பீப் சரியாக விழுந்தால் தொடக்கம் பொருந்தியிருக்கிறது. கடைசியிலும் ஒன்று வைத்தால் நடுவில் நழுவியதும் தெரிந்துவிடும். ஃபைலுக்கு ‘ஃபைனல்’ என்று பெயர் வைக்காமல் தேதியும் எண்ணும் போடுங்கள்.

வெட்டுவதற்கு முன் சவுண்ட் எடிட்டரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அடுத்த காட்சியின் பஸ் ஹாரனை இந்த ஷாட்டின் கடைசி ஒன்றரை விநாடிக்குள் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்பா உட்கார்ந்திருக்கும்போதே பஸ் வருவது காதில் விழுந்தால், படத்தில் ஒரு ஃப்ரேம்கூடக் குறையாமலே காத்திருப்பு சுருங்கிவிடும்.