தடை கிடைத்த அன்று கட்சிக்காரருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: இடத்தகராறு வழக்கில் என் கட்சிக்காரருக்கு இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது. இந்த நல்ல செய்தியை வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எப்படி எழுதலாம்? (இளம் வழக்கறிஞர்)

பதில்: நல்ல செய்தி என்று ஆரம்பித்தால் கட்சிக்காரர் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார். மறுநாள் ஊரெல்லாம் ஜெயித்துவிட்டதாகப் பேச்சு, எதிர்த்தரப்பின் வேலியைப் பிடுங்க இரண்டு ஆட்கள், அப்புறம் நீங்கள்தான் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். உத்தரவைப் படம் பிடித்து 'தங்கள் தகவலுக்கு' என்று தள்ளிவிடும் வக்கீல்களோடு இந்தப் பக்கத்தில் முன்பே சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அந்த ஆங்கிலப் பக்கத்தில் எது தன்னைக் கட்டுப்படுத்துகிறது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

எதிர்த்தரப்பைக் கேட்காமல் வாங்கிய தடை என்றால் கடிகாரம் அன்றே ஓட ஆரம்பித்துவிடுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 39, விதி 3: மனு, பிரமாணப் பத்திரம், பிராது, நம்பியிருக்கும் ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே எதிர்த்தரப்புக்கு நேரில் கொடுக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தாயிற்று என்று தடை கிடைத்த அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டால் தடையை நீக்கச் சொல்லி வரும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே ஆயுதம் எடுத்துக் கொடுத்த மாதிரி. அதனால் செய்தியில் உத்தரவுக்கு நான்கு வரி போதும், மீதி இடம் வேலைக்கு. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஐயா, அடுத்த வாய்தா 18ஆம் தேதி. அதுவரை தெற்கு எல்லையில் எதிர்த்தரப்பு சுவர் எழுப்பக் கூடாது என்று இன்று உத்தரவாகியிருக்கிறது. இது தீர்ப்பு இல்லை. 18ஆம் தேதி நீட்டிக்கவில்லை என்றால் தடை அன்றோடு முடிந்துவிடும். பாதையைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. நகல்களை இன்றே தபாலில் அனுப்புகிறோம். அது சம்பந்தமான பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட நாளை காலை 10 மணிக்கு அலுவலகம் வந்துவிடுங்கள், தள்ளிப்போட முடியாது. அஸ்திவாரம் இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறதோ அதை இன்றே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தை 15ஆம் தேதிக்குள் கொண்டு வாருங்கள். அவர்கள் மறுபடி வேலை ஆரம்பித்தால் வாய்த்தகராறுக்குப் போகாமல் படம் எடுத்து எனக்குப் போன் செய்யுங்கள்."

அந்தப் படங்களை விட்டுவிடாதீர்கள். தடையை மீறிக் கட்டினார்கள் என்று விதி 2ஏ-யில் மனு போடும்போது, தடை வந்த அன்று சுவர் எந்த உயரத்தில் இருந்தது என்ற கேள்விக்கு வேறு எதை வைத்துப் பதில் சொல்வீர்கள்?

இன்னொன்று. 'தற்போதைய நிலையே தொடர வேண்டும்' என்று இரு தரப்புக்கும் சேர்த்து உத்தரவாகியிருந்தால், அந்த இடத்தில் உங்கள் கட்சிக்காரரும் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. அப்போது செய்தியின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.